எழுபது வளைவும் ஒரே மூச்சும்: பேப்பர் செய்தியை ரேடியோ செய்தியாக மாற்றுவது எப்படி?

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடமே அதிலிருந்து வந்ததுதான்.

என் ஊர் கொல்லிமலை. போன மழைக்காலத்தில் நம்ம பசங்க சிலர் சேர்ந்து வாராவாரம் ஆடியோ செய்தித் தொகுப்பு ஒன்றைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தோம். மலைப்பாதையில் போக்குவரத்துக் கட்டுப்பாடு பற்றிப் பேப்பரில் வந்த செய்தியை நான் அப்படியே வாசித்தேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. குரலும் நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். மலையில் இருக்கும் என் மாமாவுக்கும் அனுப்பினேன். அவர் லாரியில் வாழைத்தார் ஏற்றி இறக்குபவர்.

"கனரக வாகனங்கள்", "காலை ஆறு முதல் மாலை ஆறு வரை" என்று இரண்டு துண்டுகள் அவர் காதில் விழுந்திருக்கின்றன. பகலில்தான் லாரிக்குத் தடை, ராத்திரி போகலாம் என்று புரிந்துகொண்டு, ஏழு மணிக்கு மேல் லோடு ஏற்றிக் கிளம்பிவிட்டார். பாதை மூடியிருந்தது. தார் முழுக்க லாரியிலேயே ஒரு ராத்திரி கிடந்தது. மறுநாள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது விலை முடிந்துவிட்டது. அப்புறம் போனில் அவர் சொன்னது இதுதான்: "நீ வாசிச்சது தமிழ்தான் மாப்ள. ஆனா எது எங்க முடிஞ்சதுன்னே தெரியல."

நான் வாசித்ததில் தகவல் பிழை ஒன்றுகூட இல்லை. கண்ணுக்காக எழுதியதைக் காதுக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். பேப்பரில் புரியாத வரிக்குத் திரும்பிப் போகலாம். காதில் விழுந்த வரி போனது போனதுதான். லாரி ஓட்டிக்கொண்டே கேட்பவர் பின்னால் தள்ளிப் போட்டுக் கேட்க மாட்டார்.

பயிற்சிச் செய்தி

அந்தச் செய்தியின் சாயலில் ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். இது எந்தப் பேப்பரிலும் வந்ததல்ல. மண்சரிவு, தேதி, மழை அளவு, தொகை எல்லாம் பயிற்சிக்காக வைத்தவை. காரவள்ளிப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும், பேரிடர் காலத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடும் 1077 என்ற எண்ணும் நிஜம். 3-ந் தேதி, புதன்கிழமை பேப்பரில் வந்ததாக வைத்துக்கொள்வோம்.

> நாமக்கல், டிச. 3: கொல்லிமலையில் கடந்த 2 நாட்களாக பெய்து வரும் தொடர் மழை காரணமாக காரவள்ளி - சோளக்காடு மலைப்பாதையில் உள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளில் 38 மற்றும் 39-வது வளைவுகளுக்கு இடையே நேற்று முன்தினம் இரவு 11.45 மணியளவில் ஏற்பட்ட மண்சரிவை அகற்றும் பணி 3 பொக்லைன் இயந்திரங்கள் உதவியுடன் நடைபெற்று வருவதையொட்டி, மேற்கண்ட பாதையில் கனரக வாகனங்கள் தவிர்த்து பிற வாகனங்கள் மட்டும் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை வருகிற 5-ந் தேதி வரை அனுமதிக்கப்படும் என மாவட்ட நிர்வாகம் அறிவித்துள்ளது. கனரக வாகனங்கள் முள்ளுக்குறிச்சி வழியாக செல்ல அறிவுறுத்தப்பட்டுள்ளது. சாலை சேத மதிப்பு ரூ.46,80,000 என முதற்கட்டமாக கணக்கிடப்பட்டுள்ளது. செம்மேட்டில் நேற்று காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 84.6 மி.மீ. மழை பதிவானது. ஆகாய கங்கை அருவியில் குளிக்க விதிக்கப்பட்ட தடை நீட்டிக்கப்பட்டுள்ளது. விவரங்களுக்கு 1077 என்ற எண்ணை தொடர்பு கொள்ளலாம்.

முதல் வாக்கியத்தை மட்டும் சத்தமாக வாசித்துப் பாருங்க. அறுபது வார்த்தைக்கு மேல் இருக்கிறது. நடுவில் எங்கே மூச்சு வாங்கினீர்களோ, அங்கெல்லாம் ஒரு பென்சில் கோடு போடுங்க. அந்தக் கோடுகள்தான் நாம் வாக்கியத்தை உடைக்கப்போகும் இடங்கள்.

முதல் வேலை: வினைச்சொல்லை முன்னால் கொண்டு வாங்க

தமிழில் வினை கடைசியில் வரும். "அனுமதிக்கப்படும்" என்பது வரும்வரை, இது அனுமதியா தடையா என்றே கேட்பவருக்குத் தெரியாது. அதுவரை மழை, வளைவு, பொக்லைன், மணி என்று எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டே வரணும். பேப்பரில் வாக்கியம் நீளக் காரணம் "பெய்து வரும்", "ஏற்பட்ட", "வருவதையொட்டி" போன்ற இணைப்புகள். ஒவ்வொன்றும் உள்ளே மடக்கி வைத்த ஒரு குட்டி வாக்கியம். அந்த மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும்.

"மழை பெய்து வருவதால் ஏற்பட்ட மண்சரிவை அகற்றும் பணி" என்பதைப் பிரித்தால் இப்படி வரும்: "மழை பெய்கிறது. மண் சரிந்தது. மண்ணை அள்ளும் வேலை நடக்கிறது." ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை. வாக்கியம் சிறிதானால் வினையும் சீக்கிரம் வந்துவிடும்.

அடுத்தது வரிசை. பேப்பர் செய்தி காரணத்தில் தொடங்கி முடிவில் முடிகிறது. ரேடியோவில் இதைத் தலைகீழாக்கணும். கேட்பவருக்கு முதலில் வேண்டியது "நான் போகலாமா, கூடாதா?" மண் எந்த வளைவில் சரிந்தது என்பது அப்புறம்தான்.

இப்போது என் மாமாவைக் கவிழ்த்த இடத்துக்கு வருவோம். "கனரக வாகனங்கள் தவிர்த்து பிற வாகனங்கள் மட்டும்." "தவிர்த்து" என்ற ஒரே சொல்லில் அர்த்தம் முழுக்கத் தொங்குகிறது. அது காதில் தப்பினால் செய்தியே தலைகீழ். அதனால் "தவிர", "அல்லாத", "நீங்கலாக" வரும் இடத்தையெல்லாம் இரண்டு நேர் வாக்கியமாக உடைங்க: "லாரி போகக் கூடாது. கார் போகலாம்."

"மேற்கண்ட பாதை" என்பதும் காதுக்கு ஆகாது. ஆடியோவில் மேலே கீழே எதுவும் கிடையாது. பெயரையே திரும்பச் சொல்லுங்க. பேப்பரில் சலிப்பாகத் தெரியும் திரும்பச் சொல்லல், ரேடியோவில் உதவிதான். "நேற்று முன்தினம்" என்பதையும் மாற்றணும். அது பேப்பர் தேதியை வைத்துச் சொன்னது. உங்கள் பதிவை ஒருவர் மறுநாள் கேட்டால் கணக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். "திங்கட்கிழமை இரவு" என்றால் எப்போது கேட்டாலும் சரி.

இரண்டாவது வேலை: சந்தேகம் வந்தால் கேளுங்க

சுலபமாக்கும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. "கனரக வாகனம்" என்பது பேச்சுச் சொல் இல்லை என்று நாமாக "லாரி" என்று மாற்றினால், மினி லாரி அதில் சேருமா? பஸ் சேருமா? பேப்பரில் இல்லை. எழுத்தில் கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டை, பேச்சுத் தமிழுக்கு மாற்றும்போதுதான் தெரியவரும். ஊகித்து எழுதக் கூடாது. அறிவிப்பை வெளியிட்டவரிடம் கேட்கணும். பதில் கிடைக்காவிட்டால் "கனரக வாகனங்கள்" என்றே விட்டுவிட்டு, விவரம் கேட்கும் எண்ணைச் சொல்லுங்க. நம் பயிற்சிக்கு, கேட்டோம் என்றும், லாரியும் டிப்பரும் கூடாது, பஸ்ஸும் மினி லாரியும் போகலாம் என்று பதில் வந்தது என்றும் வைத்துக்கொள்வோம்.

அதேபோல, யார் சொன்னது என்பதைத் தூக்கிவிடாதீங்க. பேப்பரில் கடைசியில் வரும் "என மாவட்ட நிர்வாகம் அறிவித்துள்ளது" என்பதைத் தனி வாக்கியமாக்கி, விஷயத்தைச் சொன்ன கையோடு வையுங்க. அது இல்லாவிட்டால் தடை போட்டது நீங்கள் என்பது மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது வேலை: எண்களை மூன்று குவியலாகப் பிரிங்க

பயிற்சிச் செய்தியில் எத்தனை எண் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்க. எல்லாவற்றையும் வாசித்தால் ஒன்றும் நிற்காது. ஒவ்வொரு எண்ணிடமும் ஒரே கேள்வி கேளுங்க: இதை வைத்துக் கேட்பவர் ஏதாவது செய்யப்போகிறாரா?

செய்யப்போகிறார் என்றால் அது முதல் குவியல். துளிகூட மாற்றக் கூடாது. பாதை திறக்கும் மணி, மூடும் மணி, தடை முடியும் நாள், போன் நம்பர் எல்லாம் இதில் வரும். அளவு புரிந்தால் போதும் என்பது இரண்டாவது குவியல். அதை முழு எண்ணாக்கலாம். 84.6 மில்லிமீட்டர் என்பது 8.46 சென்டிமீட்டர். "எட்டரை சென்டிமீட்டர்" என்றால் யாருக்கும் புரியும். நம்ம பாஷையில் அரை, கால், முக்கால் இருக்கும்போது "புள்ளி நான்கு ஆறு" எதற்கு? ரூ.46,80,000 என்பது "சுமார் நாற்பத்தேழு லட்சம் ரூபாய்". "சுமார்" என்ற சொல் கட்டாயம் வேணும். இல்லையென்றால் முழுதாக்கிய தொகையை அசல் தொகையாகச் சொன்னதாகிவிடும்.

மூன்றாவது குவியல், விட்டுவிட வேண்டியவை. 11.45 மணி, மூன்று பொக்லைன், மொத்தம் எழுபது வளைவு. ஒரு நிமிஷச் செய்தியில் சேதத் தொகையையும் நான் விட்டுவிடுவேன். முப்பத்தெட்டாவது வளைவை மட்டும் வைத்துக்கொள்வேன். பாதையில் போகிறவர்களுக்கு வளைவு எண்தான் அடையாளம்.

மிஞ்சியதை எல்லாம் எழுத்தால் எழுதுங்க. "38-வது" என்று இருந்தால் வாசிப்பவர் மனசுக்குள் மொழிபெயர்க்கணும். அந்த அரை நொடியில்தான் நாக்கு புரளும். "முப்பத்தெட்டாவது" என்று இருந்தால் பார்த்ததை வாசித்தால் போதும். கி.மீ., மி.மீ., ரூ., டிச. போன்ற சுருக்கங்களையும் விரித்து எழுதுங்க. ரூபாய் எழுத்தில் எண்ணுக்கு முன்னால் வரும், பேச்சில் பின்னால் வரும்.

போன் நம்பர் தனி ரகம். 1077-ஐ "ஆயிரத்து எழுபத்தேழு" என்று வாசித்தால் யாரும் டயல் பண்ண முடியாது. "ஒன்று, பூஜ்யம், ஏழு, ஏழு" என்று தனித்தனியாக எழுதி, இரண்டு தடவை சொல்லுங்க. முதல் தடவை கேட்கும்போதுதான் ஆட்கள் பேனா தேடுவார்கள்.

காதில் குழம்பும் எண்கள்

தமிழ் எண்களில் ஒரு சிக்கல் உண்டு. பலவற்றுக்கு வால் ஒன்று, தலைதான் வேறு. எண்ணூறு, தொண்ணூறு: முதல் எழுத்து தேய்ந்தால் 800-க்கும் 90-க்கும் வித்தியாசம் இல்லை. இருநூறு, அறுநூறு. இருபது, அறுபது. ஒன்பது, ஐம்பது, எண்பது. வாசிக்கத் தொடங்கும்போதோ, எஞ்சின் சத்தத்திலோ முதலில் தொலைவது அந்தத் தலைதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எண்ணில் வாக்கியத்தைத் தொடங்காதீங்க. "தொண்ணூறு பேர் முகாமில் இருக்கிறார்கள்" என்பதை விட "முகாமில் இருப்பவர்கள் தொண்ணூறு பேர்" என்றால், எண் வருவதற்குள் காது தயாராகிவிடும். இரண்டு, துல்லியம் தேவையில்லாத இடத்தில் வேறு உருவம் கொடுங்க: "ஏறக்குறைய நூறு பேர்." இப்போது எண்ணூறோடு குழம்ப வழியே இல்லை.

இதே சிக்கல் "காலை", "மாலை" என்ற சொற்களுக்கும் உண்டு. ஒரே ஒரு மெய்தான் வித்தியாசம். "காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை" என்று ஒரே மூச்சில் சொல்லும்போது இரண்டும் ஒன்றை ஒன்று விழுங்கும். "காலையில் ஆறு மணிக்குத் திறக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மூடும்." சொல்லும் வேறு, வினையும் வேறு. தப்பாகக் கேட்க இடமில்லை.

முழு ஸ்கிரிப்ட்

ஒற்றைக் கோடு சின்ன நிறுத்தம். இரட்டைக் கோடு மூச்சு வாங்கும் இடம்.

> கொல்லிமலை காரவள்ளிப் பாதையில் லாரி, டிப்பர் போகக் கூடாது. / மாவட்ட நிர்வாகம் இதை அறிவித்திருக்கிறது. / வரும் வெள்ளிக்கிழமை, ஐந்தாம் தேதி வரை இந்தத் தடை இருக்கும். //
>
> லாரிகள் முள்ளுக்குறிச்சி வழியாகப் போக வேண்டும். //
>
> கார், பைக், பஸ், மினி லாரி ஆகியவை காரவள்ளிப் பாதையில் போகலாம். / ஆனால் பகலில் மட்டும். / காலையில் ஆறு மணிக்குப் பாதை திறக்கும். / சாயங்காலம் ஆறு மணிக்கு மூடும். / இரவில் எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. //
>
> கொல்லிமலையில் தொடர்ந்து மழை பெய்கிறது. / திங்கட்கிழமை இரவு, முப்பத்தெட்டாவது வளைவுக்குப் பக்கத்தில் மண் சரிந்தது. / மண்ணை அள்ளும் வேலை நடக்கிறது. / செம்மேட்டில் ஒரே நாளில் சுமார் எட்டரை சென்டிமீட்டர் மழை பதிவானது. //
>
> ஆகாய கங்கை அருவியில் குளிக்க இன்னும் அனுமதி இல்லை. //
>
> விவரம் கேட்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடலாம். / எண்: ஒன்று, பூஜ்யம், ஏழு, ஏழு. / மறுபடியும் சொல்கிறோம். / ஒன்று, பூஜ்யம், ஏழு, ஏழு. //

நிதானமாக வாசித்தால் எனக்கு இது ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. இங்கிலீஷ் புத்தகங்களில் இருக்கும் "நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தை" கணக்கை நம்பாதீங்க. நம்ம வார்த்தைகள் ஒட்டி ஒட்டி நீளமானவை. "முப்பத்தெட்டாவது" ஒரே வார்த்தைதான், நாக்குக்கு அது மூன்று வார்த்தை வேலை. உங்கள் வேகத்தில் ஒரு நிமிஷம் வாசித்து, எத்தனை வார்த்தை வந்தது என்று எண்ணிக்கொள்ளுங்க. அதுதான் உங்கள் அளவு.

ஊர்ப்பெயரில் ஒரு விஷயம். எங்கள் மலையில் ஊராட்சிகளின் பெயரே வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று "நாடு" போட்டுத்தான் வரும். மலைக்காரர்களுக்குப் பழக்கம். வெளியூர்க்காரர் காதில் "நாடு" என்றால் தேசம். அதனால் "வளப்பூர் நாடு ஊராட்சி" என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லணும். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெயர் இருக்கும், தேடுங்க.

சோதனை

எழுதியவரே படித்துப் பார்த்தால் பிழை தெரியாது, ஏனென்றால் அவருக்குப் பதில் முன்பே தெரியும். செய்தி தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, பேப்பரைக் காட்டாமல், ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டுங்க. முடித்ததும் மூன்று கேள்வி: லாரி எந்த வழியாகப் போகணும்? ராத்திரி எட்டு மணிக்குக் கார் போகலாமா? தடை எப்போது முடியும்? ஒன்றுக்காவது "தெரியல" என்று வந்தால், கேட்டவர் மேல் குறை இல்லை. அந்த வாக்கியத்தைத் திருத்துங்க.

இன்னும் ஒன்று. கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்க. புருவம் சுருங்கும் இடத்தில் அவர் முந்தைய வாக்கியத்தை யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அதற்குள் நீங்கள் சொன்ன அடுத்த வாக்கியம் வீண். அங்கே வாக்கியம் நீளமாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரே வாக்கியத்தில் இரண்டு எண் இருக்கும்.

கடைசியாக, கல்லூரி ரேடியோ ஆசை உள்ளவர்களுக்கு ஒரு எல்லைக்கோடு. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம்., அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-ல் தொடங்கியது. ஆனால் நம் நாட்டில் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி அறிக்கை ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே தரலாம். போக்குவரத்து, வானிலை, பேரிடர் அறிவிப்பு மாதிரியான தகவல்களை நாமே சொல்லலாம். நாம் இன்று எழுதியது சரியாக அந்த வகைதான்.

இந்த இதழுக்கான வேலை: உங்கள் ஊர் பற்றி இந்த வாரம் பேப்பரில் வந்த மின்தடை, குடிநீர், பஸ் நேரம், ஏதாவது ஒரு அறிவிப்பை எடுங்க. ஒரு நிமிஷ ஸ்கிரிப்ட் எழுதுங்க. வீட்டில் ஒருவருக்கு ஒரு தடவை வாசித்து, மூன்று கேள்வி கேளுங்க. என் மாமாவுக்கு மேலே இருக்கும் ஸ்கிரிப்டை வாசித்துக் காட்டினேன். "அன்னைக்கு இதை அனுப்பியிருந்தா முள்ளுக்குறிச்சி வழியாப் போயிருப்பேன்" என்றார்.